அம்மா வந்தால் நின்றுவிடுமா

சங்கரன்கோவில் கழுகுமலை ரோட்டில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிற ஜெர்சோனைத் தெரியாத விவசாயி அந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைவு. கரிவலம்வந்தநல்லூரிலிருந்தும் சிவகிரிப் பக்கமிருந்தும் உள்ளே சுற்றிய கம்பி கருகிப்போன தண்ணீர் மோட்டாரை எக்செல் வண்டியில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்து அவன் கடை வாசலில்தான் இறக்குவார்கள். "சாயந்தரம் வாங்க அண்ணாச்சி" என்றால் சாயந்தரம் மோட்டார் ஓடும். பேச்சு கொஞ்சம். கை சுத்தம்.

ஊருக்கு அவனைப் பற்றித் தெரிந்த இன்னொரு விஷயம், மகளைத் தனியாக வளர்க்கிறான் என்பது. மனைவி ரெபேக்காள் நர்ஸ். மகள் ஜாய்சுக்கு ஆறு வயதாக இருந்தபோது மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை கிடைத்துப் போனாள். நல்ல வேலை, அவள் பல வருஷம் பரீட்சை எழுதிப் பிடித்த வேலை. வளைகுடாவுக்குப் புருஷன்மார் போவதும் பெண்சாதிமார் பிள்ளைகளோடு இருப்பதும் அந்தப் பக்கத்தில் புதிதில்லை. இங்கே தலைகீழாக நடந்தது. "பிள்ளைய எங்கிட்ட விட்டுரு" என்று இரண்டு தெரு தள்ளி இருக்கும் அக்கா ஞானபூரணம் கேட்டாள். "நானே பாத்துக்கிடுதேன்க்கா" என்றான் ஜெர்சோன். சொன்னபடி பார்த்தான். செல்போனில் வீடியோ பார்த்து இரட்டைச் சடை பின்னக் கற்றான். முதல் வாரத்துச் சடைகள் ஒன்று கிழக்கே பார்த்தது, ஒன்று மேற்கே பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு ஓடியது. அவன் கண்டுகொள்ளவில்லை. ஒரு மாதத்தில் சடை நேரானது.

நேராகாத ஒன்று இருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஜாய்ஸ் படுக்கையை நனைத்தாள். எட்டு வயதாகி மூன்றாம் வகுப்பு போய்விட்டாள், இன்னும் வாரத்தில் ஐந்து நாளாவது நனைத்தாள். பகலில் ஒன்றும் கிடையாது. வகுப்பில் கெட்டிக்காரி, வேதாகம வசனத்தை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். ராத்திரி படுத்தால் மட்டும் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள், பக்கத்தில் வெடி வெடித்தாலும் எழும்ப மாட்டாள், விடியும்போது பாய் விரிப்பெல்லாம் ஈரமாக இருக்கும். ஜெர்சோன் ரெக்சின் ஷீட் வாங்கி விரித்தான். அக்கம்பக்கம் விழிப்பதற்குள் துணியை அலசி, மாடியில் போட்டால் கேள்வி வரும் என்று பின் அறையில் ஃபேனுக்குக் கீழே காயப்போட்டான். மகளிடம், "இத யார்ட்டயும் சொல்லாத மக்கா" என்றான். நல்லதுக்காகத்தான் சொன்னான். பிள்ளைக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று அவன் அப்போது யோசிக்கவில்லை.

தனக்குத் தெரிந்த வைத்தியமும் செய்தான். நாலு மணிக்கு மேல் தண்ணீர் கிடையாது என்று சட்டம் போட்டான். தொட்டியில் தண்ணீர் இல்லாவிட்டால் குழாயில் எப்படி ஒழுகும் என்பது அவன் கணக்கு. ஜாய்ஸ் அதற்கு மேலே ஒரு படி போனாள். பள்ளிக்கூடத்திலேயே குடிப்பதை நிறுத்திவிட்டாள். காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் சாயந்தரம் நிரம்பியபடியே திரும்பி வந்தது. அதில் அவளுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. பள்ளிக்கூடக் கக்கூசில் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. குடிக்காவிட்டால் அங்கே போக வேண்டாம். ஆனால் படுக்கை நனைவது நிற்கவில்லை. நாற்றம்தான் காட்டமானது.

அந்த ஆண்டு கோடை விடுமுறையில் ரெபேக்காளின் தங்கை ஷீலா சிவகிரியில் புது வீடு கட்டிக் குடிபோகப் பிரதிஷ்டை வைத்தாள். சாயந்தரம் ஜெபம், மறுநாள் மத்தியானம் சாப்பாடு. எல்லோரும் தங்க வேண்டும் என்று ஏற்பாடு. ஞானபூரணமும் வந்திருந்தாள். ஜெர்சோன் ராத்திரியே ஊர் திரும்பிவிடலாம் என்று பார்த்தான், ஷீலா விடவில்லை. "அக்காதான் வர முடியல, நீங்களாவது இருங்கத்தான்" என்றாள். பிள்ளைகளுக்கெல்லாம் மாடி அறையில் புது மெத்தையில் படுக்கை போட்டார்கள். ஆண்கள் கீழே ஹாலில். ஜெர்சோன் மகளைப் படுக்கும் முன்னால் பாத்ரூமுக்குக் கூட்டிப் போய்விட்டு வந்து படுத்தான்.

விடிந்ததும் மேலே சத்தம் கேட்டது. அவன் படியேறிப் போனபோது மெத்தை முழுக்கத் தண்ணீர். பாதி மெத்தை இல்லை, முழு மெத்தை. பக்கத்தில் ஒரு வாளி. ஜாய்ஸ் சுவரோடு ஒட்டி நின்று, "தண்ணி குடிக்க எடுத்தேன், கை தவறிக் கொட்டிட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நனைத்தது தெரியாமல் இருக்க ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி வந்து கொட்டியிருக்கிறாள். எட்டு வயதுப் பிள்ளை, தண்ணீரோடு வாளியைத் தூக்கிக்கொண்டு, தூங்குகிற பிள்ளைகளைத் தாண்டி எப்படி வந்தாளோ. ஆனால் மெத்தைக்கு வாசனை இருந்தது.

ஷீலா பெரிய மனதுக்காரி. "போட்டும், வெயில்ல காஞ்சிரும்" என்று மெத்தையைத் தூக்கப் போனாள். ஞானபூரணம்தான் வாயை விட்டாள். "எட்டு வயசுப் பொம்பளப்பிள்ள பண்ணுத காரியமா இது? அடுப்புத் தீயோட விளையாண்டா இப்படித்தான் ஆவும்னு சின்னதுலயே சொல்லணும். சொல்லுததுக்குத் தாய் பக்கத்துல இருந்தால்லா? அவ அங்கன சம்பாரிக்கா, இது இங்கன ஏங்கிப்போய்க் கெடக்கு. ஏக்கம்தான் இப்படி வருது. வேற என்ன?"

சொந்தக்காரர்கள் படியில் நின்றார்கள். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துச் சிரித்தார்கள். ஜாய்ஸ் அழவில்லை. தரையைப் பார்த்தபடி நின்றாள். ஜெர்சோனுக்கு அக்காவை ஏதாவது சொல்ல வேண்டும் என்று நாக்கு வரை வந்தது. மகள் கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்து துணி மாற்றிவிட்டான். மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்காமல் பஸ் ஏறினார்கள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஜாய்ஸ் திடீரென்று கேட்டாள்: "அப்பா, அம்மா வந்தா நின்னுருமா?"

"என்னது மக்கா?"

"அத்தை சொன்னாங்கள்லா. அம்மா இல்லாததுனாலதான் வருதுன்னு. அம்மா வந்தா நின்னுருமா?"

"நின்னுரும்" என்று சொல்லப் போனான். ரெபேக்காள் இங்கே இருந்த காலத்திலும் இந்தப் பிள்ளை நனைக்காத வாரம் என்று ஒன்று இருந்ததா என்று யோசித்தான். அப்போது சின்னப் பிள்ளை, அதனால் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ரெபேக்காள் நைட் டியூட்டி முடித்து வந்து துணி அலசிவிட்டுத்தான் படுப்பாள். இதை இத்தனை நாள் எப்படி மறந்திருந்தான் என்று அவனுக்கே விளங்கவில்லை.

விஷயம் அவர்கள் வீடு வந்து சேருமுன் மஸ்கட் போய்விட்டது. சாயந்தரம் வீடியோவில் வந்த ரெபேக்காளின் கண் வீங்கியிருந்தது. பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பச் சொன்னாள். அனுப்பினான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல நீங்க?"

"சொல்லி என்னட்டி செய்ய? நீ அங்கன இருந்து என்ன செய்வ?"

"நான் இங்கன முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கெல்லாம் யூரின் பை மாத்துதேன். எம்பிள்ள நனைஞ்சு கெடக்கா. மைனி சொன்னதுல என்ன தப்பு?" மூக்கை உறிஞ்சினாள். "நான் நோட்டீஸ் குடுக்கப் போறேன். காண்ட்ராக்ட்ட முறிச்சா முறியட்டும். வந்துருதேன்."

ஜெர்சோனுக்கு அவள் வந்தால் சந்தோஷம்தான். ஆனால் அவள் வந்த பிறகும் பிள்ளை நனைத்தால்? அப்போது அம்மா வேலையை விட்டதும் தன்னால்தான், விட்டும் நிற்கவில்லை என்று இரண்டு பழியையும் அந்தச் சின்னத் தலை சுமக்குமே என்று பட்டது. "அவசரப்படாத" என்றான். "முதல்ல ஒரு டாக்டர்ட்ட காட்டுதேன். அவங்க என்ன சொல்லுதாங்கன்னு பாப்போம். அதுக்கப்புறம் நீ என்ன செஞ்சாலும் சரி."

"பெரியவங்களோட ஐசியுல கெடக்கேன். பிள்ளைங்க வைத்தியம் எனக்கும் தெரியாது" என்றாள் ரெபேக்காள். ஒத்துக்கொண்டாள்.

ஊரில் பிள்ளைகளுக்கான டாக்டர் கோமதித்தாயின் கிளினிக்கில் எப்போதும் கூட்டம். ஜாய்ஸ் உள்ளே வரும்போதே அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள். டாக்டர் ஜெர்சோனைக் கேட்கவில்லை, அவளைத்தான் கேட்டார். என்ன படிக்கிறாய், யார் சடை பின்னினது, அப்பாவா, பரவாயில்லையே. அப்புறம் அதே குரலில், "ராத்திரி படுக்கை நனையுதா?" என்றார். ஜாய்ஸ் தலையாட்டினாள்.

"சரி. நேத்து இந்த நாற்காலியில உக்காந்த ஒரு பையனுக்கும் அதேதான். உன் வகுப்புல எத்தன பேரு?"

"நாப்பது."

"அப்ப அதுல இன்னும் ஒண்ணு ரெண்டு பேருக்காவது இருக்கும். உன்ன மாதிரி அவங்களும் வெளிய சொல்லாம இருப்பாங்க."

ஜாய்ஸ் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். வகுப்பில் யார் யாராக இருக்கும் என்று அவள் மனதுக்குள் வரிசையாக ஓட்டுகிறாள் என்பது ஜெர்சோனுக்குத் தெரிந்தது.

அதன் பிறகு கேள்விகள் அப்பாவுக்கு. ஆறு மாசம் சேர்ந்தாற்போல நனைக்காமல் எப்போதாவது இருந்திருக்கிறாளா? இல்லை. பகலில் உடுப்பிலேயே போகிறாளா? இல்லை, ஆனால் வந்தால் ஓட்டமாக ஓடுவாள், சில நேரம் காலைப் பின்னிக்கொண்டு நிற்பாள். ஒன்றுக்குப் போகும்போது எரிகிறதா, காய்ச்சல் வந்ததா? இல்லை. திடீரென்று தண்ணீர் அதிகமாகக் குடிப்பது, உடம்பு மெலிவது? இல்லை. குறட்டை? இல்லை. வெளிக்கு எப்படிப் போகிறாள்?

இதற்கு ஜாய்ஸ்தான் மெல்லச் சொன்னாள். மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை. கல்லு மாதிரி. வலிக்கும்.

டாக்டர் அவளைப் படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார், முதுகுத்தண்டின் அடியைப் பார்த்தார், காலை அசைக்கச் சொன்னார். சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதினார். பிறகு, "வீட்டுல வேற யாருக்காவது சின்ன வயசுல இப்படி இருந்திருக்கா? அவங்க அம்மாவுக்கு? உங்களுக்கு?" என்றார்.

"இல்ல டாக்டர்."

பட்டென்று வந்துவிட்டது. முப்பது வருஷமாக உள்ளே தயாராக இருந்த பதில் அது. டாக்டர் எழுதிக்கொண்டார். ஜெர்சோன் மகளைப் பார்த்தான். அவள் கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். வகுப்பில் இருக்கும் அந்த ஒன்றிரண்டு பேரை இன்னும் தேடிக்கொண்டிருந்தாள் போல.

"டாக்டர்" என்றான். "எனக்கும் இருந்துச்சு. பதினோரு வயசு வரைக்கும்."

ஜாய்சின் கால் ஆட்டம் நின்றது. "அப்பா, நீங்களுமா?"

"நானும்தான் மக்கா."

"பதினோரு வயசுலயா?" அந்தக் குரலில் இருந்தது இரக்கமா சந்தோஷமா என்று சொல்ல முடியாது. "நான் எட்டுதான்."

டாக்டர் சிரித்துவிட்டார். ஜெர்சோனும் சிரித்தான், காது சூடாக இருந்தது.

"இது குடும்பத்துல ஓடும்" என்றார் டாக்டர். "அப்பா அம்மால ஒருத்தருக்கு இருந்திருந்தா பிள்ளைக்கு வர வாய்ப்பு நிறைய அதிகம். கண்ணு மூக்கு மாதிரி உங்ககிட்ட இருந்து வந்ததுதான். பிள்ளை வேணும்னு பண்ணல, சோம்பேறித்தனம் இல்ல, ஊர்ல சொல்ற மாதிரி தீயோட விளையாண்டதும் இல்ல. நம்ம உடம்பு ராத்திரி ஆனா ஒரு ஹார்மோன் மூலமா சிறுநீரைக் குறைச்சுக்கும். சில பிள்ளைங்களுக்கு அந்தப் பழக்கம் லேட்டா வரும், அதனால ராத்திரியும் பகல் மாதிரியே சேரும். சிறுநீர்ப்பை நிறைஞ்சதும் மூளைக்குத் தகவல் போகணும், 'எந்திரி'ன்னு. இவ தூக்கத்துல அந்தத் தகவல் இவள எழுப்ப மாட்டேங்குது. இதோட மலச்சிக்கலும் சேர்ந்திருக்கு. குடல்ல கெட்டியா நிக்கிறது சிறுநீர்ப்பையை இடிக்குது, பை கொஞ்சமாத்தான் பிடிக்கும்."

"நான் நாலு மணிக்கு மேல தண்ணி குடுக்கதில்ல டாக்டர்."

"அதை முதல்ல விடுங்க. தண்ணி குடிக்காட்டா மலம் இன்னும் கெட்டிப்படும், சிறுநீர் காட்டமாகிப் பையை உறுத்தும், கொஞ்சமா வச்சுப் பழகின பை பெருசாகாது. பகல் பூரா நல்லா குடிக்கட்டும். படுக்கிறதுக்கு முன்ன ஒரு மணி நேரம் மட்டும் குறைச்சா போதும். சாயந்தரம் டீ உண்டா?"

இருந்தது. கடையில் இவனுக்கு வரும் டீயில் அவளுக்கும் ஒரு பங்கு.

"அது வேண்டாம். பள்ளிக்கூடத்துல இரண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ போகணும், அடக்கக் கூடாது. காலையில சாப்பிட்டதும் கக்கூசுல காலுக்கு அடியில பலகை போட்டு நிதானமா உக்காரட்டும். மலம் இளக ஒரு பொடி தாரேன், தண்ணில கலந்து குடிக்கணும்."

ஜெர்சோன் மஸ்கட் விஷயத்தைச் சொன்னான். அக்கா சொன்னதையும் சொன்னான். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"நின்னு போயி நல்லா இருந்த பிள்ளை திடீர்னு மறுபடி நனைச்சா, மனசுல ஏதாவது கஷ்டமான்னு பார்ப்போம், வேற நோய் இருக்கான்னும் பார்ப்போம். இவளுக்கு நின்னதே இல்லையே. அம்மா இருக்கும்போதும் இருந்துச்சு. அம்மாவைப் பிள்ளை தேடுவா, அது உண்மை, அது வேற. உங்க வீட்டம்மா வர்றதும் வராததும் நீங்க பேசி முடிவெடுங்க. இதுக்காக வேலையை விட வேண்டாம்."

கிளம்பும்போது ஜாய்சிடம், "நனைஞ்சா யார் தப்பு?" என்று கேட்டார்.

ஜாய்ஸ் யோசித்து, "அப்பா தப்பு" என்றாள்.

"அப்பாவும் இல்லட்டி" என்றார் டாக்டர்.

பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. அன்று ரெபேக்காளிடம் ஜெர்சோன் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான், தன்னுடைய பதினோரு வயதையும் சேர்த்து. "கல்யாணமாகி இத்தன வருஷத்துல ஒரு வார்த்த சொல்லலியே நீங்க" என்றாள். பிறகு, "எங்க அண்ணனுக்கும் இருந்ததா அம்மா ஒருக்கச் சொல்லிருக்கா" என்றாள். நோட்டீஸ் கொடுக்கவில்லை. அழுகை நின்றதா என்றால், இல்லை. பிள்ளையைப் பிரிந்திருக்கிற அழுகை அது, அதற்கு எந்த டாக்டரும் பொடி தர முடியாது. ஆனால் தன்னால்தான் என்கிற முள் கழன்றது.

பள்ளிக்கூடம் திறந்ததும் ஜெர்சோன் வகுப்பு ஆசிரியையைப் பார்த்தான். டாக்டர் சொன்னதாக, பிள்ளை அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும், கேட்டால் வெளியே விட வேண்டும் என்று மட்டும் சொன்னான். அவர் சரி என்றார். தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டபோது, "எழுதிக் குடுத்துருக்கோம் சார்" என்றார். ஜெர்சோன் தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கி, சனிக்கிழமை டிரில்லிங் மெஷினோடு போய்ப் பெண்பிள்ளைகளின் கக்கூசுகள் எல்லாவற்றுக்கும் தாழ்ப்பாள் மாட்டிக்கொடுத்துவிட்டு வந்தான்.

அக்காவைப் பார்ப்பதுதான் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஒரு நாள் ஞானபூரணமே அவித்த கிழங்கு கொண்டு கடைக்கு வந்தாள். கரிவலத்து விவசாயி மூக்காண்டி தன் மோட்டாரை வாங்கிக்கொண்டு போகும் வரை ஜெர்சோன் காத்திருந்தான். அவர் போனதும் ஜெர்சோன் கையைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, சிவகிரியில நீ அப்படிப் பேசிருக்கக் கூடாது" என்றான்.

"ஏலே, நான் பிள்ள நல்லதுக்குத்தான..."

"எனக்கு இருந்துச்சுல்லா? அப்ப நம்ம அம்மை எங்கன போயிருந்தா? வீட்டுலதான இருந்தா?"

ஞானபூரணத்தின் முகம் மாறியது. அவளுக்கு அது உண்மையிலேயே மறந்துபோயிருந்தது. வீட்டில் யாரும் பேசாத விஷயம் அப்படித்தான் மறக்கும். "ஆமலே" என்றாள். "நம்ம ஐயா எந்திக்கதுக்கு முன்ன நாந்தான் ஒன் பாயப் புரட்டிப் போடுவேன். ஈரத்தப் பாத்தா பெல்ட்ட எடுத்துருவாங்கன்னு." கிழங்குப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து மூடினாள். "அடி வாங்கி நின்னுச்சாலே ஒனக்கு?"

"அடிக்கு நிக்கல. அதுவா நின்னுச்சு."

மன்னிப்பு கேட்கிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. ஆனால் அடுத்த வாரம் ஜாய்சைத் தன் வீட்டில் படுக்கக் கூப்பிட்டாள். "நனைஞ்சா நனையுது, நம்ம வீட்டுல வாஷிங் மெஷின் இருக்கு" என்று பிள்ளை காதில் விழும்படிச் சொன்னாள். ஜாய்ஸ் அந்தத் தடவை போகவில்லை. அத்தை மேல் கோபம் ஆற அவளுக்கு இன்னும் நாள் பிடித்தது.

வீட்டில் பழக்கம் மாறியது. ஈரமான துணியை ஜாய்சே எடுத்து வாளியில் போடுவாள், அப்பா அலசுவான். அது தண்டனை இல்லை, இரண்டு பேர் வேலை என்று பேச்சு. காலண்டரில் நட்சத்திரம் ஒட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நனையாத நாளுக்கு ஒட்டக் கூடாது, அது அவள் கையில் இல்லை. பாட்டில் காலியாக வந்ததற்கும், படுக்கும் முன் பாத்ரூம் போனதற்கும் ஒட்டலாம், அது அவள் கையில் இருக்கிறது. இந்த வித்தியாசம் ஜெர்சோனுக்குப் பிடித்துப்போனது. முதலில் வயிறு சரியானது. பகலில் ஓடுகிற ஓட்டம் நின்றது. வாரத்தில் ஒன்று இரண்டு நாள் காய்ந்து எழும்ப ஆரம்பித்தாள். அதற்கு மேல் நகரவில்லை.

அடுத்து டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று மாத்திரை: ராத்திரி சிறுநீரைக் குறைக்கும், போட்ட பிறகு விடியும் வரை தண்ணீர் குடிக்கக் கூடாது, வெளியூர் தங்கப் போகிற நாட்களுக்குக் கைகொடுக்கும், ஆனால் நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும். இன்னொன்று அலாரம்: உள்ளாடையில் ஒரு சின்ன உணரி மாட்ட வேண்டும், ஈரம் பட்டதும் மணி அடிக்கும். மெதுவாகத்தான் வேலை செய்யும், மூன்று மாதம்கூட ஆகலாம், எல்லாருக்கும் பலிக்காது, பலித்தால் நிலைக்கும். "ரெண்டுல எது வேணும்?" என்று ஜாய்சைக் கேட்டார். அவள் மணியைக் கேட்டாள்.

ஜெர்சோனுக்கு அந்தக் கருவியைப் பார்த்ததுமே பிடிபட்டது. ஈரம் பட்டால் சர்க்யூட் சேரும், பஸ்ஸர் கத்தும். "இத நானே செஞ்சிருவேன்" என்றான். "பிள்ளை உடம்புல மாட்டுறது, அதுக்குன்னு செஞ்சு வித்ததையே வாங்குங்க" என்றார் டாக்டர். ஆன்லைனில் வாங்கினான்.

முதல் சில வாரம் மணிக்கு எழுந்தது ஜெர்சோன் ஒருவன்தான். அப்படித்தான் இருக்கும், நீங்கள் எழுந்து அவளை முழுசாக எழுப்பி நடத்திக் கூட்டிப்போக வேண்டும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். எழுப்பினான், நடத்தினான், மறுநாள் கடையில் கொட்டாவி விட்டான். ஒரு காலையில் அலுப்பில், "நீ கேக்கவே மாட்டேங்கியே ஏட்டி" என்று வாய் தவறிவிட்டது. ஜாய்சின் முகம் சுருங்கியது. கடைக்குப் போன பிறகும் அது அவனை உறுத்தியது. மத்தியானம் பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்று, "காலைல அப்பா சொன்னது தப்பு மக்கா. தூக்கத்துல கேக்காதது ஒந்தப்பு இல்ல" என்றான். "சரிப்பா" என்றுவிட்டு அவள் தோழிகளிடம் ஓடினாள்.

இரண்டாம் மாதத்தில் ஈரத்தின் அளவு சிறுத்தது. பிறகு ஒரு நாள் மணி அடிக்கும்போது அவள் தானே எழுந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு மணிக்கு முன்னாலேயே. இடையில் காலாண்டுப் பரீட்சை சமயம் மூன்று நாள் விடாமல் நனைந்தது. ஜெர்சோன் பதறி டாக்டரிடம் போனான். "ஏணின்னா ஒரு படி வழுக்கத்தான் செய்யும், விடாமப் போங்க" என்றார்.

மணி தேவைப்படாமல் கழற்றி வைத்த பிறகு, டிசம்பரில் ரெபேக்காள் விடுமுறைக்கு வந்தாள். மூன்று பேரும் ஒரே படுக்கையில். வந்த இரண்டாம் நாள் விடிகாலையில் ரெபேக்காள் விழித்தபோது பக்கத்தில் ஈரம். ஜாய்ஸ் ஏற்கெனவே எழுந்து, உடுப்பு மாற்றி, புதுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அம்மா, கொஞ்சம் எந்திங்க. கீழ விரிச்சத எடுக்கணும்."

ரெபேக்காள் மகளை இழுத்து அணைக்கப் போனாள். ஜாய்ஸ் விலகினாள். "ஈரமா இருக்கும்மா. முதல்ல மாத்திருவோம். இப்பல்லாம் எப்பவாவதுதான்."

தாயும் மகளும் ஆளுக்கு ஒரு மூலையாகப் பிடித்து விரித்தார்கள். ஜெர்சோன் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரியே படுத்திருந்தான். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஐயாவின் காலடிச் சத்தத்தைக் கேட்டபடி அவன் இப்படித்தான் கண்ணை மூடிக் கிடப்பான். இன்று பயம் இல்லை. எழுந்தால் அவர்கள் பேச்சு நின்றுவிடுமே என்றுதான்.

ஜனவரியில் ரெபேக்காள் திரும்பிப் போனாள். காண்ட்ராக்ட் முடிந்ததும் வந்துவிடுவதா, இவர்கள் அங்கே போவதா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஜாய்சுக்கு ஒன்பது முடிந்துவிட்டது. மே மாதம் குற்றாலத்தில் ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று நாள் முகாம் இருக்கிறது. பேர் கொடுத்திருக்கிறாள். பையில் என்னென்ன வைக்க வேண்டும் என்று அப்பாவை இப்போதே நச்சரிக்கிறாள்.